இளமையில் படித்த புத்தகத்தை மீண்டும் படித்து எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17 வயதில் படித்த ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை 41 ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்து, அது என்னைப் பற்றி நானே கொண்டிருந்த எண்ணத்தை எப்படி மாற்றியது என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். அதைப் படித்த பலர், தாங்களும் தங்கள் இளமைக்காலப் புத்தகம் ஒன்றைப் பற்றி எழுத விரும்புவதாகச் சொல்லி என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் எழுதிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு பதிலிலும் என் கட்டுரையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தது அது ஒன்றுதான்.

நினைவை வைத்தே எழுதிவிடலாமா, அல்லது மறுபடி படித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா?

இரண்டையும் செய்ய வேண்டும். ஆனால் வரிசை மாறக் கூடாது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பாகவே, அதைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பது அனைத்தையும் எழுதி முடித்துவிடுங்கள். ஒருமுறை திறந்துவிட்டால், 20 பக்கங்களுக்குள் புத்தகம் உங்கள் நினைவைத் திருத்திவிடும்; அதன் பிறகு, முன்பு என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். மறுவாசிப்பில் மீட்கவே முடியாத இழப்பு இது ஒன்றுதான்.

நான் ஒரு கோடு போட்ட நோட்டில் இரண்டு மாலைகள் உட்கார்ந்து எழுதினேன். கதை எங்கே தொடங்குகிறது, யார் யார் வருகிறார்கள், எந்தக் காட்சி கண்முன் நிற்கிறது, எந்த வாக்கியம் காதில் கேட்கிறது, அட்டை எந்த நிறம், எந்த இடத்தில் உட்கார்ந்து படித்தேன் என்று தோன்றிய வரிசையிலேயே எழுதினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும், உறுதியாகத் தெரிந்தால் ஒரு கோடும், சந்தேகமாக இருந்தால் ஒரு புள்ளியும் வைத்தேன். ஆறரைப் பக்கம் வந்தது. அந்த ஆறரைப் பக்கம் இல்லாமல் கட்டுரையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு புத்தகத்தைப் பற்றிய நினைவு அவ்வளவு தூரமா மாறிப்போயிருக்கும்?

எனக்கு மாறியிருந்தது, அதுவும், உறுதி என்று கோடு போட்டு வைத்த இடத்திலேயே.

நாவலின் தொடக்கம் பற்றி என் நோட்டில் நான் எழுதியிருந்தது இது: கல்லூரிப் பெண்ணான கங்கா, மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடக்கிறது. வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் அவளைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். 40 ஆண்டுகளாக இதுதான் எனக்கு அந்த நாவல். தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன், என் மகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

நாவலில் கங்காவின் தாய் அப்படிச் செய்வதில்லை. மகள் சொன்னதைக் கேட்டதும் அவள் அலறுகிறாள். விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டை விட்டே துரத்துகிறான். தண்ணீர் ஊற்றும் தாய், ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையில் வருகிறவள். 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் அந்தக் கதை வெளிவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே எடுத்து எழுதியதுதான் நாவல். தினமணி கதிரில் தொடராக வந்து, 1970இல் நூலாயிற்று. நாவலுக்குள் ஆர்.கே.விஸ்வநாத சர்மா என்றொரு எழுத்தாளர் வருகிறார். அந்தச் சிறுகதை அவர் எழுதியதாக நாவலில் இடம்பெறுகிறது. சம்பவம் நடந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு, தனக்கு நேர்ந்தது போன்றே ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததையும், அந்தப் பெண்ணின் தாய் மட்டும் வேறு விதமாக நடந்துகொண்டதையும் ஒரு பத்திரிகைக் கதையில் கங்கா படிக்கிறாள். நாவலின் முழு வலியும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நான் அந்த இடைவெளியையே அழித்து, கங்காவுக்குக் கிடைக்காத தாயை அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் பக்கங்களை இருமுறை படித்தேன். முதல் முறை, பதிப்பில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

இப்படி ஒரு பிழை கிடைத்தால், அதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஏன் அப்படி மாற்றிக்கொண்டோம் என்று கேளுங்கள். எனக்கு விடை கிடைக்க மூன்று வாரங்கள் ஆயின. 10ஆம் வகுப்பு படிக்கும்போது, ஒரு மாலையில் கூட்டமான பேருந்தில் எனக்கு ஒரு தொந்தரவு நேர்ந்தது. தாவணியில் குத்தியிருந்த பின் பிய்ந்து, தோள் கீறியிருந்தது. வீட்டுக்கு வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கொல்லைப்புற அடுப்பில் வெந்நீர் போட்டு, தானே குடம் குடமாகத் தூக்கி வந்து ஊற்றிவிட்டார். விவரம் தெரிந்த வயதுக்குப் பிறகு அம்மா எனக்குத் தண்ணீர் ஊற்றியது அந்த ஒரு நாள்தான். அந்த வெந்நீரையும் சிறுகதையின் தண்ணீரையும் என் மனம் ஒன்றாக்கி, நாவலின் முகப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டது. என் கட்டுரை அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

திரைப்படத்தையும் பார்த்திருக்கிறேன். என் நினைவில் எது புத்தகம், எது படம் என்று எப்படிப் பிரிப்பது?

முழுமையாகப் பிரிக்க முடியாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. பாத்திரத்துக்கு ஒரு நடிகரின் முகமும் குரலும் இருந்தால், அந்தக் காட்சி படத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். 1977இல் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த படத்தில் கங்காவாக நடித்ததற்காக லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. காரில் வந்தவனான பிரபுவாக ஸ்ரீகாந்த் நடித்தார். எனக்குக் கங்கா என்றாலே லட்சுமியின் முகம்தான். ஆனால் கங்காவைப் படிக்க வைத்த வெங்கு மாமாவுக்கு என் மனத்தில் எந்த நடிகரின் முகமும் இல்லை. எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவரின் நெற்றியும் செருமலும்தான் இருந்தன. எனவே மாமா வரும் காட்சிகள் நான் படித்ததிலிருந்து வந்தவை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு அடையாளம், ஒரு பாத்திரம் மனத்துக்குள் நினைப்பது உங்களுக்கு நினைவிருந்தால் அது பெரும்பாலும் புத்தகத்தினுடையது. நாவலின் பெரும்பகுதி கங்காவின் குரலிலேயே செல்கிறது. பேருந்து நெரிசலில் ஆண்கள் மேலே சாய்வதைப் பற்றி அவள் தனக்குள் சொல்லிக்கொள்வதெல்லாம், கேமரா வெளியிலிருந்து பார்த்துக் காட்டிவிட முடியாதவை. படம் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், மறுவாசிப்பு முடிந்த பிறகு பாருங்கள்.

‘இந்தப் புத்தகம் என்னை மாற்றியது’ என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையிலேயே மாற்றியதா என்று எப்படித் தெரியும்?

அந்தப் பயம் நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். புத்தகம் வந்தது, வாழ்க்கை மாறியது என்று நேர்க்கோட்டில் எழுதுவது எளிது. அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளில் பாதிக்கு மேல் என்னால் நம்ப முடிவதில்லை. அந்தப் புத்தகத்துக்கு முன் செய்யாத எதை, அதற்குப் பின் செய்தீர்கள் என்று தேதியோடு தேடுங்கள். பழைய டைரி, கடிதம், சான்றிதழ், நோட்டின் கடைசிப் பக்கக் கிறுக்கல் எதுவானாலும் பயன்படும்.

என் முதல் வரைவில் ஒரு பெருமிதமான பத்தி இருந்தது. கங்கா படித்து, வேலைக்குப் போய், தன் சம்பாத்தியத்தில் நின்றதைப் பார்த்துத்தான் நான் தட்டச்சுப் பயிற்சியில் சேர்ந்தேன் என்றும், அதனால்தான் 20 வயதில் வேலைக்குப் போனேன் என்றும் எழுதியிருந்தேன். பிறகு அலமாரியிலிருந்து சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத் தட்டச்சு இளநிலைத் தேர்வை நான் 1983 பிப்ரவரியில் எழுதியிருக்கிறேன். நாவலைப் படித்தது, பிளஸ் டூ தேர்வு முடிந்த அந்த மே மாத விடுமுறையில். அப்போது படித்த புத்தகங்களின் பெயர்களை நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்த தேதியோடு ஒரு கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்; அதில் ஐயத்துக்கே இடமில்லை. புத்தகம் என் கையில் வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே நான் தேர்வு எழுதி முடித்திருந்தேன்.

அந்தப் பத்தியை அடித்துவிட்டு, அந்த நோட்டையே மீண்டும் புரட்டினேன். தேதிகளோடு சேர்த்து, அந்த ஜூன் மாதத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘இன்று ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.’ முதலில் எனக்கே புரியவில்லை. அந்தப் பழைய சம்பவத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கும் மேலாக நான் பேருந்தில் உட்கார்ந்ததே இல்லை. இடம் இருந்தாலும், ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவேன். என்னிடம் ஏதோ சரியில்லை, அதனால்தான் எனக்கு அப்படி நேர்ந்தது என்று நம்பியிருந்தேன். புத்தகத்தைப் படித்த சில வாரங்களில் உட்காரத் தொடங்கியிருக்கிறேன். பேருந்தில் நடப்பதைப் பற்றி ஒரு பெண் இவ்வளவு கோபமாக, இவ்வளவு விவரமாக, தன்மேல் எந்தக் குற்றமும் ஏற்றிக்கொள்ளாமல் பேசியதை நான் முதன்முதலில் படித்தது அங்கேதான். வேலைக்குப் போனதோடு ஒப்பிட்டால் ஒரு இருக்கை சிறிய விஷயம்தான். ஆனாலும் புத்தகம் எனக்குச் செய்ததாக என்னால் சான்றோடு சொல்ல முடிந்தது அதைத்தான்; கட்டுரையில் அதை மட்டுமே சொன்னேன்.

நீங்கள் தேடும்போதும் இவ்வளவு சிறிய ஒன்றுதான் கிடைக்கலாம். கிடைத்தால், அதைப் பெரிதாக்காமல் அப்படியே எழுதுங்கள்.

அன்று படித்த பிரதி கிடைக்கவில்லை. வேறு பதிப்பைப் படித்தால் போதுமா?

போதும். அதே நூலகத்தில் அதே பிரதி கிடைத்தால் அது அதிர்ஷ்டம்; பெரும்பாலும் கழித்துக் கட்டியிருப்பார்கள். நான் முதலில் படித்தது மீனாட்சி புத்தக நிலைய வெளியீடு. இப்போது படித்தது வேறு பதிப்பு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சில நூல்களில் ஆசிரியரின் முன்னுரை பதிப்புக்குப் பதிப்பு மாறும், அல்லது விடுபடும். ஜெயகாந்தனின் முன்னுரைகள் கதையளவுக்கே கவனத்தை இழுப்பவை. இந்த நாவல் அந்தச் சிறுகதையிலிருந்து எழுந்ததைப் பற்றிய பேச்சை முன்னுரையிலேயே படித்துவிட்டு உள்ளே போகிறவரும், அதைத் தாண்டிவிட்டு நேரே கதைக்குள் போகிறவரும் ஒரே புத்தகத்தைப் படிப்பதில்லை. 17 வயதில் நான் முன்னுரைகளைப் படிக்கிறவளாக இல்லை. ஆகவே இப்போதும் அதைக் கடைசியாகவே படித்தேன்.

மறுபடி படிக்கும்போது குறிப்பு எடுப்பது எப்படி? எல்லாவற்றையும் குறித்து வைத்தால் கதையே ஓடவில்லை.

முதல் சுற்றில் பென்சிலைக் கையில் எடுக்காதீர்கள். நாவலை நாவலாகவே படித்து முடியுங்கள். நின்றுவிடும் இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வைத்துவிட்டுத் தொடருங்கள். எனக்கு 11 துண்டுகள் சேர்ந்தன.

இரண்டாம் சுற்றில் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் திரும்பினேன். நோட்டின் ஒரு பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் ‘நினைவு’ என்றும் வலப்பக்கம் ‘புத்தகம்’ என்றும் தலைப்பிட்டேன். நினைவில் இருந்து புத்தகத்தில் இல்லாதவை, இரண்டிலும் இருந்து தன்மை மாறியவை, புத்தகத்தில் இருந்து நினைவில் அறவே இல்லாதவை என்று மூன்று வகை தானாகவே பிரிந்தது. மூன்றாவது வகையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மறந்துபோனது மறந்துபோனதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு பெரிய காட்சியை மனம் முழுதாக விட்டுவிட்டது என்றால், அந்த வயதில் அதைப் படிக்கவே நமக்கு இயலவில்லை என்று பொருள்.

என் நோட்டின் ஆறரைப் பக்கத்திலும் நாவலின் முடிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கங்கா தன் காலில் நிற்பதோடு என் நினைவு நின்றுபோயிருந்தது. நாவல் அங்கே நிற்பதில்லை. பிரபுவின் துணையும் அவளுக்கு இல்லாமல் போகிறது. கடைசியில் அவள் குடிக்குப் பழகுகிறாள். பல நூறு பக்கங்களை விழுங்கிப் படித்த ஒரு பெண், அந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்த உடனேயே கீழே போட்டுவிட்டிருக்கிறாள். எனக்கு அப்போது ஜெயித்த கங்கா தேவைப்பட்டாள். தோற்ற கங்காவை வைத்துக்கொள்ள என்னிடம் இடம் இருக்கவில்லை.

அன்று உயிராக இருந்த புத்தகம் இன்று பிடிக்கவில்லை. அன்று ஏமாந்துவிட்டேன் என்று எழுதலாமா?

அப்படி எழுத வேண்டாம் என்பது என் கருத்து. ஏமாந்தேன் என்று சொன்னால், இன்றைய வாசிப்பு சரி, அன்றைய வாசிப்பு தவறு என்று ஆகிவிடுகிறது. 17 வயதுக்காரி தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டாள், 58 வயதுக்காரி வேறொன்றைப் பார்க்கிறாள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. பிடிக்காமல் போன இடம் எது, எந்தச் சொல், எந்தக் காட்சி என்று குறிப்பாக எழுதுங்கள்.

எனக்கு நெருடியது இது. கங்காவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் வெங்கு மாமா. அவரே அவளிடம் தகாத முறையிலும் நடக்கப் பார்க்கிறார். அவள் இனி யாருக்கும் மனைவியாக முடியாது, வைப்பாக மட்டுமே இருக்க முடியும் என்ற கருத்தைச் சாஸ்திரத்தின் பெயரால் முன்வைப்பவரும் அவர்தான். வேண்டுமானால் அந்த ஆளையே தேடிப் பிடி என்பது போன்ற அவருடைய பேச்சு அவளைச் சுடுகிறது. அவள் புறப்பட்டுத் தேடி, பிரபுவைக் கண்டும் பிடிக்கிறாள். 17 வயதில் எனக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல்! தன்னைக் கெடுத்தவனை நேருக்கு நேர் நின்று பார்க்கிற ஒரு பெண்ணை நான் அதற்கு முன் எந்தக் கதையிலும் கண்டதில்லை.

இன்று படிக்கும்போது, அந்தத் தேடலின் விதியை எழுதியவர் மாமா என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. மனைவி அல்லது வைப்பு என்ற அவருடைய இரண்டு பெட்டிகளுக்குள்தான் அவள் தன் துணிச்சலைச் செலவழிக்கிறாள். எனக்குள் ஒரு கோபமே வந்தது. இந்தப் பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு வழியை ஆசிரியர் ஏன் காட்டவில்லை என்று ஓரத்தில் எழுதினேன். ஆனால் இரண்டாம் சுற்றில் அதே பக்கங்களைப் படித்தபோது, நாவல் அந்தக் கூண்டை மறைக்கவே இல்லை என்று கண்டேன். மாமாவின் பேச்சையும் அவருடைய நடத்தையையும் அடுத்தடுத்து வைத்து, சாஸ்திரம் பேசுகிற வாய் எப்படிப்பட்ட வாய் என்று காட்டிவிட்டுத்தான் நகர்கிறது. கூண்டை நான்தான் அன்று பார்க்கவில்லை. என் கோபத்தில் பாதி ஆசிரியர்மேல் நியாயமாக விழவில்லை என்று கட்டுரையிலேயே எழுதினேன். மீதிப் பாதியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. தனியாக வாழும் பெண் கடைசியில் குடியில்தான் போய் முடிவாள் என்று ஒரு வாசகி நம்பிவிடக்கூடும் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

கதைச் சுருக்கம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

புத்தகத்தைப் படிக்காதவருக்கு உங்கள் அனுபவம் புரிகிற அளவு மட்டும் போதும். நான் முதலில் ஒன்றரைப் பக்கம் எழுதி, அதை ஐந்து வாக்கியங்களாக்கினேன். கங்காவின் அண்ணி, பிரபுவின் மனைவி பத்மா, மகள் மஞ்சு ஆகியோர் நாவலில் முக்கியமானவர்கள்; என் கட்டுரையில் அவர்களுக்கு வேலை இல்லாததால் அவர்கள் வரவில்லை.

அன்றைய ‘நான்’, இன்றைய ‘நான்’ இரண்டும் ஒரே பத்தியில் குழம்புகின்றன. எப்படிப் பிரித்து எழுதுவது?

இந்த வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். என் முதல் வரைவிலிருந்தே ஒரு வாக்கியத்தைக் காட்டுகிறேன்: ‘ஆணாதிக்கச் சமூகம் பெண்ணுடல்மீது சுமத்தும் தூய்மை என்ற கருத்தைக் கங்கா கேள்விக்குள்ளாக்குவதை அந்த நூலகத்தில் உட்கார்ந்து உணர்ந்தேன்.’ இதில் ஒரு சொல்கூட 17 வயதுப் பெண்ணுடையது அன்று. அந்தச் சொற்களை நான் கற்றுக்கொண்டது 30 வயதுக்குப் பிறகு. அந்தப் பெண்ணின் வாயில் இன்றைய சொல்லை வைத்ததால், அவள் உண்மையில் உணர்ந்தது மறைந்தே போனது.

திருத்திய பிறகு அது இப்படி ஆயிற்று: ‘கிளை நூலகத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பேருந்துப் பக்கங்களை மூன்று முறை படித்தேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிடுவாரோ என்று புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். இதையெல்லாம் புத்தகத்தில் எழுதலாமா என்று ஆச்சரியமாக இருந்தது.’ தூய்மை பற்றிய எண்ணங்களை, இன்று நான் பேசும் தனிப் பத்திக்கு மாற்றினேன்.

நடைமுறையில் உதவிய ஒன்றைச் சொல்கிறேன். அன்றைய வாசிப்பை இறந்தகாலத்தில் எழுதினேன்; நாவலில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதினேன்; இன்றைய கருத்து வரும்போதெல்லாம் புதிய பத்தியைத் தொடங்கினேன். எழுதி முடித்ததும், அன்றைய பத்திகளை மட்டும் பச்சை மையால் கோடிட்டு, அந்த வயதில் எனக்குத் தெரிந்திராத சொல் ஏதும் உள்ளே புகுந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்பது சொற்கள் புகுந்திருந்தன. ‘சுயம்’ என்பது அவற்றில் ஒன்று. அப்போது அந்த இடத்தில் எனக்கு இருந்த சொல் ‘நான் எப்படிப்பட்டவள்’ என்பதுதான், அதையே வைத்தேன்.

என் பெற்றோரைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டுமா?

உயிரோடு இருந்தால் கேளுங்கள். கட்டுரையை நீங்கள் வெளியிட்ட பிறகு வேறு யாரோ அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும் நிலை வரக் கூடாது. நான் முழு வரைவையும் என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு 82 வயது. கண் சரியாகத் தெரிவதில்லை. அப்பாவைப் பற்றிய இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். அவை இல்லாமலும் கட்டுரை நின்றது. அந்த வெந்நீர்ப் பத்தியை எடுக்கச் சொல்லியிருந்தால் கட்டுரையையே வைத்துவிட்டிருப்பேன். வேறு பெயரிலோ கதையாக மாற்றியோ எழுதியிருக்க மாட்டேன்.

கட்டுரையை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை.

புத்தகத்துக்கு நன்றி சொல்லி முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. அந்தப் பத்தியை எழுதிப் பார்த்து எடுத்துவிட்டேன். மறுவாசிப்பு உங்களுக்குள் எழுப்பிய கேள்வியை, பதில் சொல்லக்கூடியவர் ஒருவரிடம் கேட்க முடியுமானால் கேளுங்கள். அந்தப் பதில் எதுவானாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கங்காவின் தாய் கனகத்தை நான் இளமையில் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இப்போது படிக்கும்போது, அந்தக் கதை பத்திரிகையில் வெளிவந்து அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகு, ஒரே கூரையின் கீழ் அந்தத் தாயால் மகளின் முகத்தை எப்படிப் பார்க்க முடிந்தது என்ற நினைப்பே என்னை விடவில்லை. அதனால்தான் வரைவை வாசித்துக் காட்டிய அன்று, வெந்நீர்ப் பத்தி முடிந்ததும் நிறுத்தி, அன்றைக்கு உனக்குத் தெரிந்ததா, ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னிக்கு விறகு ஈரமா இருந்துதுடீ. தண்ணி காயவே மாட்டேன்னுது. நீ அதுக்குள்ள தூங்கிடப் போறியேன்னு எனக்கு ஒரே பதைப்பு” என்றார்.